பருவ இறுதியில் ஆசிரியருக்கு மாண்டரினில் ஒரு சிறு நன்றிக் கடிதம்: முழுமையான வழிகாட்டி

நான் எழுதிய முதல் நன்றிக் கடிதம் ஒரு பக்கத்துக்கு நீண்டது. தமிழில் நிறைவாக எழுதிவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றினேன். 'உங்களை என்றும் நினைவில் வைத்திருப்போம்' என்பதற்கு 永远怀念您 என்று எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி அதைப் படித்துவிட்டு, "ஆசிரியர் நலமாகத்தானே இருக்கிறார்?" என்று கேட்டார். 怀念 என்பது மறைந்தவர்களையும் கடந்துபோன காலத்தையும் நினைத்து உருகுவதற்கான சொல். நான் எழுதியிருந்தது ஓர் அஞ்சலிக் குறிப்பு.

அதற்குப் பிறகு ஆறு பருவங்களில் ஆறு கடிதங்கள் எழுதிவிட்டேன். தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் உதவியிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். சீனாவில் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கைப்பேசியில் பின்யின் முறையில் தட்டச்சு செய்யத் தெரிந்திருந்தால் போதும். சீன எழுத்துகளைச் சரளமாக வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

## 1. முதலில் இரண்டு பெயர்களைச் சேகரியுங்கள்

வாக்கியங்களை யோசிப்பதற்கு முன்பே ஆசிரியரின் குடும்பப் பெயரும், உங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் வழங்கும் சீனப் பெயரும் எழுத்து வடிவில் கையில் இருக்க வேண்டும். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாக்கியத்தில் பிழை இருந்தால் ஆசிரியர் புன்னகையோடு கடந்துவிடுவார். தம் பெயரே தவறாக இருந்தால் கடிதத்தின் முதல் வரியிலேயே எல்லாம் கெட்டுவிடும்.

சீனத்தில் ஆசிரியரை அழைக்கும் முறை குடும்பப் பெயரும் அதன் பின்னால் 老师 என்ற சொல்லும்தான். 老师 என்றால் ஆசிரியர். ஆண் பெண் வேறுபாடு இல்லை. நம் ஊரில் 'லதா டீச்சர்' என்று சொந்தப் பெயரோடு சேர்த்தே பழகியிருப்பதால், இங்கே வருபவர்கள் பெயரின் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆசிரியரின் முழுப்பெயர் 王丽 என்று வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயர் முன்னால் வரும் 王. ஆகவே அவர் 王老师. 丽老师 என்று எழுதுவது தவறு. முழுப்பெயரோடு 王丽老师 என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோல ஒலிக்கும். மிகச் சில குடும்பப் பெயர்கள் மட்டும் 欧阳 போல இரண்டு எழுத்துகள் கொண்டவை. அவற்றைப் பிரிக்காமல் முழுவதும் எழுத வேண்டும்.

காதால் கேட்டதை நம்பித் தட்டச்சு செய்யாதீர்கள். `zhang` என்று தட்டினால் 张, 章 இரண்டும் வரும். இரண்டும் குடும்பப் பெயர்களே. 陈 என்பதும் 程 என்பதும் வெவ்வேறு பெயர்கள். முன்னது `chen`, பின்னது `cheng`. பேச்சு வேகத்தில் நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும். பள்ளி அட்டவணையிலிருந்தோ வகுப்பின் வீசாட் குழுவிலிருந்தோ பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

பிள்ளையின் பெயரிலும் இதே கவனம் தேவை. உங்கள் மகன் வீட்டில் அருணாக இருக்கலாம். வகுப்பில் அவன் 阿伦 என்றால் கடிதத்திலும் 阿伦 என்றே எழுதுங்கள். நாற்பது பிள்ளைகளின் பெயர்களை மனத்தில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு, ஆங்கில எழுத்தில் இருக்கும் கடவுச்சீட்டுப் பெயரைக் கண்டு ஆளை அடையாளம் காண நேரம் எடுக்கும். வீட்டுப்பாட ஏட்டின் அட்டையில் சரியான எழுத்துகள் இருக்கும்.

## 2. ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள், தமிழில்

கடிதத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நேராகச் சீன வாக்கியங்களைத் தேடத் தொடங்கினால் 'நீங்கள் நன்றாகக் கற்பிக்கிறீர்கள்', 'எங்கள் மனமார்ந்த நன்றி' போன்ற பொதுச் சொற்கள்தான் கிடைக்கும். அதே வாக்கியங்கள் மற்ற பெற்றோரிடமிருந்தும் ஆசிரியருக்கு வந்திருக்கும்.

ஆகவே முதலில் தமிழில், மூன்று குட்டி வாக்கியங்களில் எழுதுங்கள். முதல் வாக்கியம், பருவத் தொடக்கத்தில் பிள்ளை எப்படி இருந்தான். இரண்டாவது, ஆசிரியர் என்ன செய்தார். மூன்றாவது, இப்போது என்ன மாறியிருக்கிறது. 'அப்போது, நீங்கள், இப்போது' என்ற இந்த மூன்றடுக்கை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வினை போதும். தமிழில் நாம் எச்சங்களைக் கோத்து, 'வந்து, பார்த்து, சொல்லிக்கொடுத்து, ஊக்கப்படுத்தி' என்று ஒரே வாக்கியத்தில் ஊர்வலம் நடத்திவிடுவோம். அதை அப்படியே சீனத்துக்குக் கொண்டுபோனால் யார் எதைச் செய்தார்கள் என்பதே குழம்பிவிடும்.

என் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். பருவம் தொடங்கியபோது மகன் வகுப்பில் கையுயர்த்தவே பயந்தான். ஆசிரியர் அவனைத் தினமும் வகுப்பு முழுவதற்கும் பாடத்திலிருந்து ஒரு வாக்கியம் வாசிக்க வைத்தார். இப்போது வீட்டுக்கு வந்தால் யாரும் கேட்காமலே எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறான். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

ஆசிரியர் என்ன செய்தார் என்று தெரியவில்லையென்றால் பிள்ளையிடம் கேளுங்கள். 'டீச்சர் நல்லவங்களா?' என்று கேட்டால் 'ம்' என்ற பதில்தான் கிடைக்கும். 'இந்த வருஷம் டீச்சர் உன்கிட்ட மட்டும் தனியா ஏதாவது சொன்னாங்களா?' என்று கேட்டால் கதை வெளியே வரும்.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு. 'அடுத்த பருவமும் என் பிள்ளையைக் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோளை இதில் நுழைக்காதீர்கள். நன்றியோடு வேண்டுகோளும் சேர்ந்தால், படிப்பவர் கண்ணில் வேண்டுகோள்தான் பெரிதாகப் படும்.

## 3. அட்டையா வீசாட்டா என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

வடிவம் இதைப் பொறுத்து மாறுவதால், எழுதத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டும். கையால் எழுதிய அட்டைக்குக் கடித அமைப்பு உண்டு: விளிப்பு ஒரு வரி, உடல் தனி, வாழ்த்து தனி, கையொப்பமும் தேதியும் கீழே வலப்பக்கம். வீசாட் செய்தியில் எல்லாம் ஒரே பத்தி; தேதியும் கையொப்பமும் வேண்டாம்.

கையெழுத்து அட்டை ஆசிரியரின் மேசை இழுப்பறையில் தங்கும். வீசாட் செய்தி மேலே போய் மறைந்துவிடும். ஆனால் எழுத்துகளை வரைந்து பழக உங்களுக்கு ஒரு மாலை நேரம் கிடைக்காது என்றால் வீசாட்டே மேல். அவசரத்தில் எழுதிய கோணல் எழுத்துகளில் என்னென்ன விபரீதம் நடக்கும் என்பதை ஏழாம் பிரிவில் சொல்கிறேன்.

எதுவானாலும் பரிசுப் பொருளோ பணமோ இணைக்காதீர்கள். ஆசிரியர்கள் மாணவரிடமிருந்தோ பெற்றோரிடமிருந்தோ பரிசுகள், பணம், கடை அட்டைகள் வாங்குவதைத் தடுக்கும் விதிகளைச் சீனக் கல்வி அமைச்சகம் 2014இல் வெளியிட்டது. வீசாட்டில் சிவப்பு உறைப் பணம் அனுப்பினால் ஆசிரியர் அதைத் திறக்காமல் விடுவார். 24 மணி நேரத்தில் அது உங்களுக்கே திரும்பும். அதற்குள் இருவருக்கும் சங்கடம் வந்து சேர்ந்திருக்கும். கடிதம் மட்டும் போகட்டும்.

## 4. முழுக் கடிதமும் எப்படி இருக்கும்

துண்டு துண்டாகப் பார்ப்பதற்கு முன் முழுவதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேலே தமிழில் எழுதிய மூன்று வாக்கியங்கள்தான் இதன் நடுப்பகுதி.

```
尊敬的王老师：
　　您好！
　　我是阿伦的妈妈。这学期您辛苦了。
　　刚开学的时候，阿伦上课不敢举手。您让他每天
给全班读一句课文，现在他回家会主动读给我们听。
感谢您的耐心和鼓励。
　　祝您暑假愉快！
　　　　　　　　　　　　　　　　阿伦妈妈
　　　　　　　　　　　　　　2025年6月27日
```

தேதியை விட்டுவிட்டு எண்ணினால் சுமார் 80 எழுத்துகள். ஓர் அட்டையின் ஒரு பக்கத்தில் நெருக்கடியில்லாமல் அமரும். இதைவிட நீண்டால், நம்மைப் போல மொழி கற்றுக்கொண்டிருப்பவர்களுக்குப் பிழையும் நீளும்.

இதன் பொருள்: 'மதிப்புக்குரிய வாங் ஆசிரியருக்கு, வணக்கம். நான் ஆலுனின் அம்மா. இந்தப் பருவம் முழுவதும் நீங்கள் மிகவும் பாடுபட்டீர்கள். பள்ளி திறந்த புதிதில் ஆலுன் வகுப்பில் கையுயர்த்தத் துணியவில்லை. நீங்கள் அவனைத் தினமும் வகுப்பு முழுவதற்கும் பாடத்தில் ஒரு வாக்கியம் வாசிக்க வைத்தீர்கள். இப்போது வீட்டுக்கு வந்தால் தானாகவே எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறான். உங்கள் பொறுமைக்கும் ஊக்கத்துக்கும் நன்றி. கோடை விடுமுறை இனிதாக அமையட்டும்.'

## 5. வரி வரியாக: எது ஏன் அங்கே இருக்கிறது

விளிப்பு. 尊敬的 என்றால் 'மதிப்புக்குரிய'. இடது ஓரத்தை ஒட்டித் தொடங்கி, முழு அகல முக்காற்புள்ளியில் முடிக்க வேண்டும். 亲爱的, அதாவது 'அன்புள்ள', பிள்ளை தன் ஆசிரியருக்கு எழுதும் அட்டையில் இனிக்கும். பெற்றோர் எழுதும்போது சற்று நெருக்கமாகிவிடும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

வணக்கம். 您好 அடுத்த வரியில், இரண்டு எழுத்துகளுக்கான இடம் விட்டுத் தொடங்கும். சீனக் கடிதத்தில் ஒவ்வொரு பத்தியும் இப்படித்தான் தொடங்கும். இந்தக் கடிதத்தில் விளிப்பு மட்டுமே ஓரத்தை ஒட்டி நிற்கும்.

இந்த 您 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் மரியாதை வினையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். 'செய்தீர்கள்', 'வந்தார்கள்' என்று வாக்கிய முடிவில் அது தானாக வந்துவிடும். சீன வினைக்கு அப்படி எந்த விகுதியும் இல்லை. மரியாதையைச் சுமப்பவை 老师 என்ற அழைப்பும் 您 என்ற ஒற்றை எழுத்தும்தான். ஆகவே 您 வர வேண்டிய இடத்தில் 你 வந்தால், பாதிக் கடிதத்தில் 'நீங்கள்' என்று சொல்லிவிட்டு மீதியில் 'நீ' என்று முடித்ததுபோல இருக்கும். எழுதி முடித்ததும் 你 என்ற எழுத்து எங்காவது தனியாக நிற்கிறதா என்று தேடுங்கள். நின்றால் அதன் அடியில் 心, அதாவது 'இதயம்', சேர்த்து 您 ஆக்கிவிடுங்கள்.

பல ஆசிரியர்களுக்குச் சேர்த்து எழுதும்போது இன்னொரு சிக்கல் வரும். 'நீங்கள்' என்பதற்குப் பன்மை வேண்டுமே என்று 您们 என எழுதத் தோன்றும். எழுத்து வழக்கில் அதைத் தவிர்ப்பது நல்லது. பெயர்ப்பதிலியே இல்லாமல் 各位老师辛苦了 என்று எழுதினால் 'ஆசிரியர்கள் அனைவரும் பாடுபட்டீர்கள்' என்ற பொருள் வந்துவிடும்.

辛苦了. 辛 என்றால் காரம், 苦 என்றால் கசப்பு. சேர்ந்தால் பாடுபடுவது, சிரமம். ஒருவர் உழைத்ததை நான் கண்டேன், அறிவேன் என்று சொல்வதற்குச் சீனர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் சொல் இது. தமிழில் 'ரொம்பச் சிரமப்பட்டீர்கள்' என்றால் இரக்கம்போலத் தொனிக்கும் என்று தயங்கி, ஒரு தோழி இதை நீக்கிவிட்டார். சீனத்தில் அந்த இரக்கத் தொனி இல்லை. பருவ இறுதிக் கடிதத்தில் இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால்தான் வெறுமையாகத் தெரியும்.

நடுப்பகுதி. 刚……的时候 என்பது 'அப்போதுதான் … தொடங்கியபோது' என்ற சட்டகம். அடுத்து 您 என்று தொடங்கும் ஆசிரியரின் செயல். பிறகு 现在, 'இப்போது'. உங்கள் கதைக்கு ஏற்ப உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மழலையர் பள்ளியில் காலைதோறும் அழுத மகளுக்கு:

```
刚入园的时候，她每天早上都哭。您总是在门口抱抱她，
现在她早上自己催我们出门。
```

'சேர்ந்த புதிதில் தினமும் காலையில் அழுதாள். நீங்கள் எப்போதும் வாசலில் அவளை அணைத்துக்கொண்டீர்கள். இப்போது காலையில் அவளே எங்களை அவசரப்படுத்துகிறாள்.' மொழியே புரியாமல் வந்து சேர்ந்த பிள்ளைக்கு:

```
刚来的时候，他听不懂中文。您课后一句一句讲给他听，
现在他能自己写作业了。
```

'வந்த புதிதில் அவனுக்குச் சீனம் புரியவில்லை. வகுப்பு முடிந்த பின் நீங்கள் ஒவ்வொரு வாக்கியமாக விளக்கினீர்கள். இப்போது வீட்டுப்பாடத்தை அவனே எழுதுகிறான்.'

சொல் வரிசையில் நாம் கவனிக்க வேண்டியது, வினையைக் கடைசியில் போடும் பழக்கத்தை. 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்ற தமிழ் வாக்கியத்தில் நன்றி இறுதியில் வரும். சீனத்தில் 感谢 முதலில் வந்துவிடும். ஆனால் பெயருக்கு முன் அடைமொழி வரும் வழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. 您的耐心 என்பது 'உங்கள் பொறுமை' என்ற அதே வரிசையில்தான் நிற்கிறது. அங்கே குழம்ப வேண்டாம்.

'நாங்கள்' என்பதற்கு 我们 எழுதுங்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு தெரிந்த தமிழருக்கு ஒரு சின்னச் செய்தி: வட சீனப் பேச்சில் வரும் 咱们 கேட்பவரையும் உட்படுத்தும் 'நாம்'. யாரோ பேசக் கேட்டு அதை இங்கே போட்டுவிட்டால், ஆசிரியரும் நம் வீட்டில் உட்கார்ந்து வாசிப்பைக் கேட்டதாகப் பொருள் வரும்.

வாழ்த்து. பருவத்தைப் பாருங்கள். சனவரியில் முடியும் முதல் பருவத்துக்குக் குளிர்கால விடுமுறை: 祝您寒假愉快. சீனப் புத்தாண்டு அடுத்து வருவதால் 提前祝您新年快乐, 'முன்கூட்டியே புத்தாண்டு வாழ்த்து', என்றும் சேர்க்கலாம். சூன் இறுதியிலோ சூலைத் தொடக்கத்திலோ முடியும் இரண்டாம் பருவத்துக்கு 暑假. எது என்று ஐயமிருந்தால் 假期愉快, 'விடுமுறை இனிதாகட்டும்', எங்கும் பொருந்தும். 教师节快乐 என்று எழுதிவிடாதீர்கள். ஆசிரியர் தினம் சீனாவில் செப்டம்பர் 10. ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார் என்றால் இன்னும் கவனம் தேவை. 一路走好 என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நல்லபடியாகப் போய் வாருங்கள்' போலத் தெரியும். அது இறந்தவரை வழியனுப்பவும் சொல்வது. 'உங்களை மறக்க மாட்டோம்' என்பதற்கு நான் இப்போது எழுதுவது 我们会一直记得您.

கையொப்பம். உங்கள் சொந்தப் பெயர் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பள்ளி உலகத்தில் நீங்கள் 阿伦妈妈 அல்லது 阿伦爸爸. முன்னதை 'ஆலுன் மாமா' என்றே உச்சரிப்பார்கள். பள்ளி வாசலில் என்னை முதன்முதலில் 'மாமா' என்று அழைத்தபோது என் கணவர் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அதன் கீழே வரும்.

## 6. தட்டச்சில் வரும் ஒலி மயக்கங்கள்

அட்டையில் எழுதுவதாக இருந்தாலும் முதலில் கைப்பேசியில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து எழுத ஒரு திருத்தமான படி வேண்டும். பின்யினில் தட்டும்போது ஒரே ஒலிக்குப் பல சொற்கள் வரிசையில் வரும். முதலில் நிற்பதையே தொட்டுவிடும் அவசரம்தான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

`shujia` என்று தட்டினால் 暑假 வரும், 书架 என்பதும் வரும். பின்னது புத்தக அலமாரி. 'புத்தக அலமாரி இனிதாக அமையட்டும்' என்று வாழ்த்திய ஒரு தந்தையை எனக்குத் தெரியும். `laoshi` என்பதற்கு 老师 தவிர 'எப்போது பார்த்தாலும்' என்ற 老是, 'சூதுவாது அறியாத' என்ற 老实 ஆகியவையும் வரும். 辛苦 என்பதற்கு `xinku` என்று தட்ட வேண்டும். `xing` என்று நீட்டினால் 'நல்வாய்ப்பு' என்ற பொருளுள்ள 幸 வந்து அமரும். சீனப் பிள்ளைகளே 幸苦 என்று தவறாக எழுதி ஆசிரியரிடம் சிவப்புக் கோடு வாங்குவதுண்டு. ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் அது வரக்கூடாது.

மகள் உள்ளவர்களுக்கு இரண்டு குறிப்புகள். 'மகள்' என்ற 女儿 தட்ட `nver` என்று அடிக்க வேண்டும். விசைப்பலகையில் இல்லாத அந்த உயிரொலிக்கு `v` தான் பதிலி. அடுத்தது, அவன், அவள் இரண்டும் சீனத்தில் ஒரே ஒலி. வேறுபாடு எழுத்தில் மட்டுமே. `ta` என்றதும் பெரும்பாலும் 他, 'அவன்', முதலில் நிற்கும். மகளைப் பற்றிய கடிதத்தில் ஒவ்வோர் இடத்திலும் 她 இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வரியில் அவளாகவும் அடுத்த வரியில் அவனாகவும் இருந்த கடிதங்களை நான் திருத்தியிருக்கிறேன்.

நிறுத்தக்குறிகளையும் சீன விசைப்பலகையிலிருந்தே இடுங்கள். வாக்கிய முடிவில் சிறு வட்டம் 。 வர வேண்டும், நம் முற்றுப்புள்ளி அன்று. சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் நம் பழக்கம் இங்கே செல்லாது. இடைவெளிகளோடு கூடிய சீன வாக்கியம் பல் விழுந்த வாய்போல இருக்கும்.

சரிபார்க்க எளிய வழி, பிள்ளையிடம் கொடுத்துக் கண்ணால் படித்துப் பொருள் சொல்லச் சொல்வது. நீங்கள் உரக்க வாசித்துக் காட்டினால் பயனில்லை, ஏனென்றால் 书架 என்பதும் காதுக்கு ஏறத்தாழச் சரியாகவே கேட்கும். எழுத்தைப் பார்த்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை சிரித்துவிடும்.

## 7. கையால் எழுதும்போது

கட்டம் போட்ட தாளில் இரண்டு மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு அட்டையைத் தொடுங்கள். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், நிறுத்தக்குறிக்கும் ஒரு கட்டம். 鼓励 போல நெருக்கமான எழுத்தும் 一 போல ஒற்றைக் கோடும் ஒரே அளவு இடத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் கோடு அதிகமுள்ள எழுத்தைப் பெரிதாகவும் குறைந்ததைச் சிறிதாகவும் வரைந்துவிடுகிறோம். வரி கோணலாவது அதனால்தான்.

கண் வைக்க வேண்டிய எழுத்து 师. இதன் வலப்பாதியின் மேலே ஒரு கிடைக்கோடு இருக்கிறது. அதை விட்டுவிட்டால் 帅 ஆகிவிடும், பொருள் 'அழகன்'. 'மதிப்புக்குரிய ஆசிரியருக்கு' என்ற வரியில் இந்தக் கோடு எங்கே போனது என்று தேட வேண்டிய நிலை வரக்கூடாது. 祝 என்ற எழுத்தின் இடப்பக்க உறுப்பில், உச்சியில் உள்ள புள்ளியை விட்டுவிட்டால், வலப்புறம் ஒரு புள்ளி மட்டுமே, 礻. இரண்டு புள்ளி போட்டால் அது ஆடைக்குரிய உறுப்பான 衤.

கறுப்பு அல்லது கருநீல மையில் எழுதுங்கள். சிவப்பு நல்ல நிறம் என்று எண்ணிச் சிவப்பு மையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு அட்டை மங்கலம்தான். சிவப்பு மையில் ஒருவர் பெயரை எழுதுவது அமங்கலம், கடிதமே சிவப்பு மையில் இருந்தால் உறவை முறித்துக்கொள்வதாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு.

தைவான் போலப் பழைய வடிவ எழுத்துகள் வழங்கும் இடத்தில் இருப்பவர்கள் 老師, 媽媽, 這學期 என்று முழுக் கடிதத்தையும் அந்த வடிவில் எழுத வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள். விசைப்பலகை அமைப்பை முன்பே மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

## 8. கொடுப்பதும், பதில் வந்த பின்பும்

தேர்வு நாள்களில் கொடுக்க வேண்டாம். ஆசிரியருக்கு விடைத்தாள் திருத்தும் நெருக்கடி, உங்களுக்கு மதிப்பெண்ணுக்காகத்தான் என்ற பேச்சு. கடைசி வகுப்பு நாளில் பிள்ளை கையில் கொடுத்தனுப்புங்கள். இரண்டு கைகளாலும் நீட்டச் சொல்லுங்கள். நம் வழக்கப்படி வலக்கை மட்டும் போதும் என்று பிள்ளை நினைத்திருக்கக்கூடும்.

வீசாட் என்றால் விளிப்பை 王老师您好！ என்று சுருக்கி, உடலையும் வாழ்த்தையும் ஒரே பத்தியாக்கி அனுப்புங்கள். ஆசிரியரின் தனிப் பக்கத்துக்கு மட்டும். வகுப்புக் குழுவில் போட்டால், நன்றி சொல்லாமல் விட்டால் நன்றாக இராதே என்று மற்றப் பெற்றோரும் வரிசையாகப் போடத் தொடங்குவார்கள். ஒரு முறை நான் தொடங்கிவைத்த வரிசை இரவு பத்து மணி வரை ஓடியது. மறுநாள் என்னை யாரும் பாராட்டவில்லை. புன்னகை முகக் குறியையும் விட்டுவிடுங்கள். சீனாவில் இளையவர்கள் அந்த மெல்லிய சிரிப்பை ஏளனமாகவோ விலகலாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு ரோசாப்பூ போதும்.

பதிலாகப் பெரும்பாலும் 应该的 என்று வரும். 'செய்ய வேண்டியதைத்தானே செய்தேன்' என்று பொருள். 'கடமைக்காகச் செய்தேன்' என்று அவர் விட்டேற்றியாகச் சொல்லிவிட்டதாக முதன்முறை நான் வருந்தினேன். அது அடக்கத்துடன் சொல்லும் பதில். கூடவே 孩子自己也很努力, 'பிள்ளையும் நிறைய முயன்றான்', என்று எழுதினால் அதை மறுத்து வாதாட வேண்டாம். 您太客气了, 'நீங்கள் மிகவும் பணிவாகச் சொல்கிறீர்கள்', என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, அந்தச் செய்தியைப் பிள்ளையிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.